19 நாள் வயதுத் தளர்வு கோரி தலைமை ஆசிரியருக்கு விண்ணப்பம்

நாள்: 21.04.2025

அனுப்புநர்
முதல் வகுப்பு விண்ணப்ப எண் 47-க்கு உரிய சிறுமியின் தாய்

பெறுநர்
தலைமை ஆசிரியர் அவர்கள்

பொருள்: முதல் வகுப்புச் சேர்க்கைக்கு வயதுத் தளர்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வரும் கல்வியாண்டில் முதல் வகுப்பில் சேர ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைவடைந்திருக்க வேண்டும் என்று பள்ளியின் அறிவிப்பு கூறுகிறது. என் மகள் பிறந்தது 20.06.2019. ஆகவே அவளுக்கு 19 நாள் குறைகிறது. ஜூன் 9 அன்று வகுப்புகள் தொடங்கி இரண்டு வாரம் முடிவதற்குள் அவளுக்கு ஆறு வயது நிறைவடைந்துவிடும்.

மூன்று ஆண்டு மழலையர் கல்வியை அவள் இந்த மாதத்துடன் முடிக்கிறாள். அங்கே இதற்கு மேல் வகுப்பு இல்லாததால், சேர்க்கை கிடைக்காவிட்டால் யு.கே.ஜி. பாடங்களையே அவள் மீண்டும் ஓராண்டு படிக்க நேரிடும். நாள்தோறும் காலையில் தேதித்தாளைக் கிழித்து, அதிலுள்ளதை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துவிட்டுத்தான் அவள் பல் துலக்கப் போவாள். நூறு வரை எண்ணுகிறாள்; உணவு உண்பது, கழிவறைக்குச் செல்வது, காலணி மாட்டுவது ஆகியவற்றுக்குப் பிறர் உதவி தேவைப்படுவதில்லை. அதேசமயம், எழுதும் வேகம் குறைவு என்பதையும், புதியவர்களிடம் பேச இரண்டொரு நாள் எடுத்துக்கொள்வாள் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

பிறந்த தேதியைச் சற்று முன்தள்ளிக் கொடுத்துவிட்டால் போதும் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. அப்படி ஒரு பொய்யோடு என் மகளின் பள்ளி வாழ்க்கை தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லாததாலேயே, உள்ளதை உள்ளபடி எழுதித் தங்களிடம் நேரடியாக வேண்டுகிறேன்.

வயது வரம்பு காரணமின்றி வைக்கப்பட்டதல்ல என்பதை அறிவேன். எனவே, முடிவெடுக்கும் முன் முதல் வகுப்பு ஆசிரியர் ஒருமுறை அவளை நேரில் பார்த்துப் பேசி, அவளது ஆயத்த நிலையை மதிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் விரும்பினால் முதல் பருவம் வரை தற்காலிகச் சேர்க்கையாக வைத்துக்கொள்ளலாம். வகுப்போடு அவளால் இணைந்து செல்ல முடியவில்லை என்று ஆசிரியர் கருதினால், எவ்வித மறுப்புமின்றி அவளைத் திரும்ப அழைத்துக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிப்பேன் என எழுத்து மூலம் உறுதியளிக்கிறேன். தளர்வு அளிக்கும் அதிகாரம் மேலதிகாரிகளிடம் இருப்பின், இவ்விண்ணப்பத்தைத் தங்கள் பரிந்துரையுடன் அவர்களுக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.

பிறப்புச் சான்றிதழின் நகல், மழலையர் பள்ளி ஆசிரியர் அளித்த மதிப்பீட்டுக் கடிதம், தடுப்பூசி அட்டையின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். வார நாட்களில் தாங்கள் குறிக்கும் எந்த நேரத்திலும் மகளை அழைத்து வர இயலும். மழலையர் பள்ளியில் அடுத்த ஆண்டுக்கான இடத்தை மே 10-க்குள் உறுதிசெய்ய வேண்டியிருப்பதால், அதற்கு முன் தங்கள் முடிவைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறுமியின் தாய் (விண்ணப்ப எண் 47)