முன்னாள் மேலாளரின் பெயரைப் பரிந்துரையாளராகக் குறிப்பிட அனுமதி கோரும் கடிதம்

அனுப்புநர்
ஜெ. சுபா,
மார்த்தாண்டம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
திரு. தங்கராஜ் அவர்கள்,
தர மேலாளர் (ஓய்வு),
திருவட்டாறு,
கன்னியாகுமரி மாவட்டம்.

நாள்: 07.07.2025

பொருள்: வேலை விண்ணப்பத்தில் தங்கள் பெயரையும் தொடர்பு விவரத்தையும் பரிந்துரையாளராகக் குறிப்பிட அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குலசேகரம் பக்கத்தில் உள்ள நம் லேடெக்ஸ் ஆலையின் ஆய்வகத்தில் 2015 முதல் 2021 வரை தங்கள் மேற்பார்வையில் தர ஆய்வாளராகப் பணிபுரிந்த சுபா எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் மருத்துவக் கையுறை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில், உள்வரும் மூலப்பொருளின் தரத்தைப் பார்க்கும் அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். குழித்துறையிலிருந்து தினமும் ரயிலில் போய்வரக்கூடிய தூரம்தான். விண்ணப்பத்துடன் இரண்டு பரிந்துரையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்கிறார்கள். அவர்களில் ஒருவராவது என் வேலையை நேரடியாக மேற்பார்வையிட்டவராக இருக்க வேண்டும், உறவினராக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. நாகர்கோவிலில் எனக்கு வேதியியல் கற்பித்த பேராசிரியை ஒருவர் தம் பெயரைக் கொடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். மற்றோர் இடத்தில் தங்கள் பெயரை எழுத விரும்புகிறேன். அதற்குத் தங்கள் அனுமதியைக் கேட்பதற்காகவே இந்தக் கடிதம்.

தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் எழுதிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நேரில் கேட்டால், பழகிய முகத்துக்காக உடனே சரி என்று சொல்லிவிடத் தோன்றும். ஒருவருடைய பெயரைப் பரிந்துரையாளராகக் கொடுப்பது என்பது, முன்பின் அறியாத ஒருவர் எந்த நேரத்தில் அழைத்தாலும் அவருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவர்மீது வைப்பதாகும். அவர் இத்தனை ஆண்டுகள் சம்பாதித்த நல்ல பெயரைச் சற்று எனக்காக முன்வைக்கச் சொல்வதாகும். ஆகையால் தாங்கள் நிதானமாக யோசித்த பிறகே சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன். ஓய்வுக்குப் பின் இதிலெல்லாம் ஈடுபட விருப்பமில்லை என்றாலோ, என் வேலையைப் பற்றி மனநிறைவோடு சொல்ல முடியாது என்று தோன்றினாலோ, "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தை போதும். காரணம் கேட்க மாட்டேன்; தங்கள்மீது எனக்குள்ள மரியாதையும் அதனால் குறையாது.

தாங்கள் சம்மதித்தால், என் வேலையில் எதைப் பற்றிச் சொன்னால் பயன்படும் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பணி பெரும்பாலும் வாங்கும் செறிவூட்டிய ரப்பர் பாலைச் சோதிப்பதுதான்: உலர் ரப்பர் அளவான டி.ஆர்.சி., அமோனியா, வி.எஃப்.ஏ., இயந்திர நிலைத்தன்மை ஆகியவற்றைப் பார்த்து, 60 சதவீத டி.ஆர்.சி. என்று சீட்டில் எழுதி வரும் சரக்கு உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா என்று முடிவு சொல்ல வேண்டும். நம் ஆலையில் நாம் அனுப்பும் பக்கத்திலிருந்து செய்த வேலையை, அங்கே வாங்கும் பக்கத்திலிருந்து செய்யப் போகிறேன். ஆகவே நேர்முகத் தேர்வில் பேசும் பேச்சைவிட, சோதனை மேசையில் நான் எப்படி இருந்தேன் என்பதே அவர்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். அதை அருகிலிருந்து பார்த்தவர் தாங்கள் ஒருவரே.

ஆறு ஆண்டுகளில் நடந்தவை எல்லாம் தங்கள் நினைவில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டை மட்டும் நினைவூட்டுகிறேன்.

முதலாவது, சிறு விவசாயிகள் கொண்டுவரும் பாலின் டி.ஆர்.சி. சோதனை. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்வதால், சிரட்டைக்குள் மழைநீர் இறங்கிவிட்டது என்ற பேச்சும், அளவைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்ற வருத்தமும் ஆண்டில் பாதி நாள் கொள்முதல் வாசலில் இருந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சதவீதமும் அவர்கள் கைக்குப் போகும் பணம். தாங்கள் சொல்லிக் கொடுத்தபடி, ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாக எடுத்து, நீர் சேர்த்து நீர்க்கச் செய்து, அசெட்டிக் அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தாளாக அழுத்திக் கழுவி, 70 டிகிரி அடுப்பில் வைத்து, தாளில் ஒரு வெள்ளைத் திட்டுகூட மிச்சமில்லாமல் தெளியும்வரை காத்திருந்து எடைபோட்டேன். இரண்டு முடிவுகளும் ஒத்துவராதபோது, வரிசையில் எத்தனை கேன்கள் நின்றாலும், மூன்றாவது முறை செய்துவிட்டுத்தான் சீட்டில் எழுதினேன். சந்தேகப்பட்ட விவசாயியை உள்ளே அழைத்து, உலர்ந்த தாளை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டும் வழக்கத்தை நான் தொடங்கியபோது தாங்கள் தடுக்கவில்லை. பிறகு அதையே மற்ற ஆய்வாளர்களும் செய்ய வேண்டும் என்று சொன்னீர்கள். என்னைப் பற்றி ஒன்றே ஒன்றைத்தான் சொல்ல நேரம் இருக்கும் என்றால், இதைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, ஒக்கிப் புயல். 2017 நவம்பர் 30 அன்று புயல் மாவட்டத்தை அடித்துப்போட்டதையும், ரப்பர் மரங்கள் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்ததையும், பல நாட்கள் மின்சாரம் வராமல் இருந்ததையும் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புதிய பால் வரத்து நின்றுவிட்டாலும், தொட்டிகளில் ஏற்கெனவே இருந்த சரக்கு கெட்டுவிடாமல் பார்க்க வேண்டியிருந்தது. மின் அடுப்பு இல்லாமல் டி.ஆர்.சி. சோதனை நடக்காது, ஆனால் அமோனியா அளவைப் பியூரெட்டை வைத்தே பார்த்துவிடலாம். டார்ச் வெளிச்சத்தில் மெத்தில் ரெட் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும் துளியைக் கவனித்து, தொட்டி வாரியாக அளவைக் குறித்துத் தங்களிடம் கொடுத்து வந்தேன். எந்தத் தொட்டிக்கு அமோனியா சேர்க்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தாங்கள் முடிவு செய்தீர்கள். வழக்கமான வசதிகள் இல்லாதபோது எப்படி வேலை செய்வார் என்று யாராவது கேட்டால், இந்த நிகழ்வு பொருத்தமாக இருக்கும்.

பொதுவாக இப்படி அழைப்பவர்கள் வேறு சிலவற்றையும் கேட்பார்கள். வேலையை ஏன் விட்டார் என்று கேட்டால், உண்மையைச் சொல்லலாம்: என் அம்மாவின் சிகிச்சைக்காக வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருக்க வேண்டியிருந்தது, முறைப்படி ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, பதிவேடுகளையும் வேதிப்பொருள் கணக்கையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். அம்மா இப்போது தேறிவிட்டார். இடையில் வேலையில் இல்லாத காலத்தை என் சுயவிவரக் குறிப்பிலும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். குறை என்ன என்று கேட்டாலும் தயங்க வேண்டாம். உதவியாளர்களிடம் பொறுப்பை ஒப்படைக்காமல் எல்லாவற்றையும் நானே செய்ய முயல்கிறேன் என்று தாங்கள் என்னிடம் நேரடியாகவே சொல்லியிருக்கிறீர்கள். அதை அப்படியே அவர்களிடமும் சொல்லலாம். நிறையை மட்டுமே அடுக்கும் பேச்சைக் கேட்பவர் நம்ப மாட்டார். தாங்களும் அப்படிப் பேசுபவர் அல்லர்.

பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி, சம்பளம் ஆகியவற்றுக்கு ஆலை அலுவலகம் கொடுத்த அனுபவச் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. அவற்றை அவர்கள் அலுவலகத்திலேயே சரிபார்த்துக்கொள்வார்கள். தாங்கள் நிறுவனத்தின் சார்பில் பேச வேண்டியதில்லை. என்னை நேரடியாக மேற்பார்வையிட்டவர் என்ற முறையில் தங்கள் சொந்தக் கருத்தைச் சொன்னால் போதும். படிவத்தில் தங்களை "முன்னாள் தர மேலாளர், தற்போது ஓய்வு" என்று எழுத எண்ணியிருக்கிறேன்; வேறு விதமாக இருக்க வேண்டும் என்றால் திருத்திச் சொல்லவும். அழைப்பு இறுதிச் சுற்றுக்குப் பிறகுதான் வரும் என்று மனிதவளப் பிரிவில் சொன்னார்கள். மலையாளத்திலோ ஆங்கிலத்திலோதான் பேசுவார்கள் என்று தோன்றுகிறது. தங்களுக்கு அது சிரமமாக இராது என்று அறிவேன்.

சம்மதம் என்றால், எந்த எண்ணைக் கொடுக்கலாம், அழைக்க எந்த நேரம் வசதி, மின்னஞ்சல் முகவரியையும் சேர்க்கலாமா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய எண் என்னிடம் இருந்தாலும், தாங்கள் சொல்லாமல் அதைப் படிவத்தில் எழுத மாட்டேன். இந்த அனுமதியை இந்த ஒரு விண்ணப்பத்துக்கு மட்டுமே எடுத்துக்கொள்வேன். வேறு இடத்துக்கு விண்ணப்பிக்க நேர்ந்தால் மீண்டும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாள் ஜூலை 21. ஜூலை 16க்குள் தங்கள் பதில் கிடைத்தால், ஏற்பாடு மாறினாலும் வேறொருவரைக் கேட்க எனக்கு நேரம் இருக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினாலும் போதும்.

என் சுயவிவரக் குறிப்பையும், நிறுவனத்தின் பெயரும் பணி விவரமும் அடங்கிய அறிவிப்பின் நகலையும் இத்துடன் இணைத்துள்ளேன். அழைப்பு வரக்கூடிய நாள் தெரிந்தவுடன் முன்கூட்டியே தெரிவிப்பேன். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முடிவை என் வாயாலேயே தங்களுக்குச் சொல்வேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஜெ. சுபா

இணைப்பு: சுயவிவரக் குறிப்பு, பணி அறிவிப்பின் நகல்.