சாரோட மெயில், தமிழில்

தம்பி, உன் ஆய்வேட்டைப் பத்தி உங்க டச்சு சார் எழுதினதுன்னு நீ எனக்கு அனுப்பின மெயிலை நிதானமாப் படிச்சேன். அவர் உன் மேல கோபமா இல்ல. டச்சுக்காரங்க பலர் நலம் விசாரிக்காம நேரா விஷயத்துக்கு வந்துடுவாங்க. அவர் சொன்னதையே நம்ம ஊர் வாத்தியார் தமிழ்ல எழுதியிருந்தா இப்படி இருந்திருக்கும்:

"மூன்றாம் அத்தியாயம் இன்னும் தயாராகவில்லை. 41ஆம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அந்தப் பக்கத்து முடிவை நம்பியே இருப்பதால், முதலில் அதைச் சரிசெய்துவிடுங்கள். 14 கிணறுகளில் ஒரே ஒரு கோடையில் எடுத்த நீரை வைத்து, உப்பு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்று சொல்ல முடியாது. கடலிலிருந்து விலக விலக உப்பு எப்படி மாறுகிறது என்பதை மட்டும் எழுதுங்கள். அதற்கு உங்கள் தரவு போதும். படம் 3.2இல் அச்சுகளுக்கு அலகு இல்லை. அதற்குக் கீழே உள்ள பத்தியை ஏன் சேர்த்தீர்கள்? இரண்டாம் அத்தியாயம் சரி, அதைத் தொட வேண்டாம். வியாழன் பத்து மணிக்கு என் அறைக்கு வாருங்கள்."

"ஏன் சேர்த்தீர்கள்"னு கேட்டது அதட்டல் இல்லப்பா, காரணம் தெரிஞ்சுக்கத்தான் கேக்கறார். காரணம் இருந்தா சொல்லு, இல்லேன்னா பத்தியை எடுத்துடு. அந்த "சரி"யை நீ கவனிக்கவே இல்ல போல. ஒரு அத்தியாயம் முழுசா முடிஞ்சிருக்குடா! உன்னைக் கைவிட நினைக்கிறவர் அலகு விட்டுப்போனதைத் தேடிப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

மன்னிப்புக் கேட்டு மெயில் போடாதே. "நன்றி, வியாழன் வருகிறேன்"னு ஒரு வரி போதும். படம் 3.2ஐ மட்டும் இன்னிக்கே திருத்தி பிரிண்ட் எடுத்து வை. ராத்திரி கூப்பிடு, 41ஆம் பக்கத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.

- அக்கா