மறுமுனை

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் சித்தப்பா மகளின் திருமணம் வைத்திருந்ததால், இரண்டு நாள் முன்னதாகவே விடுப்பு எடுத்துக்கொண்டு லால்குடிக்கு வந்த கயல்விழி, அப்பாயியின் கூறைப்பட்டைத்தான் அன்றைக்கு உடுத்துவது என்று சென்னையிலேயே தீர்மானித்திருந்தாள். 1966-இல் காஞ்சிபுரத்தில் எடுத்த சேலை அது. மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும் கொண்டது. கரையை உடலோடு கோர்வை போட்டு நெய்திருந்தார்கள். தறிக்காரர் ஒரு பக்கமும், உதவிக்கு ஓர் ஆள் மறு பக்கமும் உட்கார்ந்து, மூன்று நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டினால்தான் அந்த இணைப்பு விழும் என்று அப்பாயி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் ரசகற்பூர உருண்டையின் நெடி மூக்கில் ஏறியது. போன ஆண்டு தாத்தாவின் திதிக்கு வந்திருந்தபோது, பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கிடந்த சேலையை எடுத்து, புதிதாக வாங்கிவந்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு உருண்டைகளையும் உள்ளே வைத்து மூடியவள் கயல்விழிதான். பூச்சி அரிக்காமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தாள். இப்போது உறையின் உட்புறம் ஈரம் பூத்திருந்தது. முந்தானையில் ஜரிகை ஆங்காங்கே கறுத்திருந்தது. இஸ்திரி போட்டால் சுருக்கம் நீங்கிவிடும் என்று அவள் விரித்தபோது, நடு மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு நூல்கள் அறுந்து, அடியில் இருந்த பாயின் நிறம் தெரிந்தது.

அப்பாயி திட்டவில்லை. சேலையை மடியில் போட்டுக்கொண்டு, கறுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

“வெள்ளிக் கம்பி சுத்துன நூலு இது, ஆயி. பிளாஸ்டிக்குல மூடி வச்சா புழுங்கிப்போவும். இந்த உருண்டையும் ஜரிகைக்கு ஆவாது. பருத்தித் துணிதான் மூச்சு விடும்.”

“மடிப்புல எப்படி அப்பாயி கிழிஞ்சுச்சு?”

“ஒரே மடிப்புல வருசக்கணக்காக் கெடந்தா பட்டு விட்டுப்போவும். மூணு மாசத்துக்கு ஒருக்கா பிரிச்சு, காத்தாட விட்டு, மடிப்ப மாத்திப் போடணும்.”

இவ்வளவு அறிந்தவள் ஏன் மாற்றாமல் விட்டாள் என்று கேட்க வாயெடுத்த கயல்விழி, கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்று பிற்பகல் முழுவதும் அவர்கள் அந்தச் சேலையோடு இருந்தார்கள். வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்பதால் முற்றத்தில் விரிக்காமல், நடையில் கட்டியிருந்த கயிற்றின் மேல் முதலில் ஒரு பருத்தி வேட்டியைப் போட்டு, அதன் மேல் சேலையைப் பரப்பினார்கள். தண்ணீரில் நனைக்க அப்பாயி விடவில்லை. இத்தனை வயதான பட்டு நனைந்தால் அதன் எடையே அதை இழுத்துவிடும் என்றாள். கறுத்த ஜரிகையைத் தேய்த்து வெளுப்பாக்கலாமா என்று கேட்டதற்கு, தேய்த்தால் மேலே ஏற்றிய பொன்பூச்சு போய்விடும், கறுப்பு அப்படியே இருக்கட்டும் என்றாள். பழைய பட்டுச் சேலைகளை எடைக்கு வாங்கி உருக்கி வெள்ளி எடுப்பவர்கள் தெருவில் கூவிக்கொண்டு போகும்போது, வாசல் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு.

விட்டுப்போன இடத்துக்கு அடியில், தாத்தாவின் மல் வேட்டியிலிருந்து வெட்டிய துண்டை வைத்து, மெல்லிய ஊசியால் கயல்விழி தைத்தாள். நூலை இறுக்கி இழுத்தால் பக்கத்துப் பட்டும் விடும் என்பதால், ஒவ்வொரு தையலையும் தளர்வாகவே போட வேண்டியிருந்தது. ஒரு சாண் தைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திருமணத்துக்கு இதை உடுத்த முடியாது என்பது அதற்குள் அவளுக்கே விளங்கிவிட்டது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் மடிக்கத் தொடங்கினார்கள். பன்னிரண்டு முழச் சேலையை ஒருவர் மட்டும் தரையில் படாமல் மடிக்க இயலாது. அப்பாயி முந்தானைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, கயல்விழி மறுமுனையோடு நடையின் கோடிக்குப் போனாள். ஜரிகை உள்ளே அடங்கும்படி, பழைய தடத்திலிருந்து நான்கு விரல் தள்ளி மடிப்பு விழ வேண்டும்.

“இழுக்காத, தளர்வா புடி. உங்க தாத்தாவும் இப்படித்தான் வெறப்பா நின்னுக்கிட்டு இழுப்பாரு. ஒவ்வொரு தடவையும் நான் சொல்லணும்.”

கயல்விழி கையைத் தளர்த்தினாள். சேலை நடுவில் மெல்லத் தொய்ந்தது. இரண்டு நுனிகளையும் சேர்ப்பதற்காக அவள் அப்பாயியை நோக்கி நடந்துவந்தாள். அப்பாயி அவள் விரல்களிலிருந்து கரையை வாங்கிக்கொண்டு, மடிப்பின் விளிம்பை ஒருமுறை நீவிப் பார்த்தாள்.

“கார்த்திகைக்கு வருவியா?”

“வர்றேன், அப்பாயி.”

“அப்ப இன்னும் நாலு விரல் தள்ளிப் போடலாம்” என்று சொல்லிவிட்டு, அப்பாயி வேட்டித் துணியை விரித்தாள்.