பக்கத்து கறிக்கடை அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம்.

நேரில் சொல்ல வந்தால் உங்கள் கடையில் எப்போதும் கூட்டம். வாடிக்கையாளர் முன்னால் இதைப் பேசுவது சரியில்லை என்றுதான் எழுதுகிறேன்.

கடை அடைத்த பிறகு கொழுப்பு, குடல், எலும்பெல்லாம் பின்பக்கம் திறந்த கூடையிலேயே கிடக்கிறது. அதற்கு வரும் எலிகள் இரவில் என் கடைக்குள்ளும் புகுந்துவிடுகின்றன. நேற்று சர்க்கரை மூட்டையின் அடியைக் கடித்துவிட்டன, மேலெல்லாம் புழுக்கை. மூட்டையை அப்படியே கொட்டிவிட்டேன். எலி மூத்திரத்தால் காய்ச்சல் பரவும், அந்தச் சர்க்கரையை எப்படிக் கொடுப்பது?

ஈ இன்னும் மோசம். வடிகட்டியில், கிளாஸ் விளிம்பில் என்று மொய்க்கிறது. டீயைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே வைத்துவிட்டுப் போகிறார். கழிவில் ஈ ஒரே தடவையில் 100 முட்டைக்கு மேல் இடும். வெயில் காலத்தில் ஒரே நாளில் பொரித்துவிடும். அதனால் கழிவை இரவு தங்கவிடக் கூடாது அண்ணே.

இறுக்கமான மூடி போட்ட டிரம் ஒன்று வையுங்கள், பாதிச் செலவு என்னுடையது. அன்றன்றைக்கே கழிவு வண்டியில் ஏற்றிவிடுங்கள். ரத்தத் தண்ணீரைச் சாக்கடையில் தேங்கவிடாமல் கழுவி, பிளீச்சிங் பவுடர் தூவினால் போதும். என் பக்கத்துச் சுவர் ஓட்டைகளை நான் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறேன்.

நாளை மதியம் கூட்டம் குறைந்ததும் வருகிறேன், பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
டீக்கடைத் தம்பி