உண்டியலில் இருந்த கணக்கு

பள்ளிக்கூடம் விட்டு வந்த யாழினி புத்தகப்பையைக்கூடக் கழற்றவில்லை. அடுக்களை அலமாரிக்குக் கீழே அவளுடைய மண் உண்டியல் நாலைந்து துண்டாகக் கிடந்தது. சில்லறை தரையெல்லாம் சிதறியிருந்தது.

“பூனதான் தட்டி விட்டுருக்கும் தாயி. நான் கூட்டி அள்ளவா?” என்றாள் அப்பத்தா, திண்ணையிலிருந்தபடியே.

“வேணாம் அப்பத்தா. நானே எடுத்துக்கிறேன்.”

போன சித்திரைத் திருவிழாவில் மானாமதுரையில் வாங்கியது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று உடைப்பதாக இருந்தாள். அதற்கு இன்னும் 2 மாதம் இருந்தது. அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் இத்தனை காசை மொத்தமாக அவள் பார்த்ததே இல்லை. அழுகை அங்கேயே நின்றுவிட்டது.

பாயை விரித்து எல்லாவற்றையும் குவித்தாள். கட்டிலுக்கு அடியில் உருண்டு போனதை விளக்குமாறால் தள்ளி எடுத்தாள். காசில் செம்மண் ஒட்டியிருந்தது. பாவாடையில் துடைத்துத் துடைத்து வகை பிரித்தாள்.

10 ரூபாய் காசு 9. வெளியே மஞ்சள், நடுவில் வெள்ளை. கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றதால் அப்பா அவளிடம் கொடுத்தவை அத்தனையும். 5 ரூபாய் 33. பத்துப் பத்தாக அடுக்கினால் ஓர் அடுக்கு 50. மூன்று அடுக்கும் தனியாக 3 காசும், 165. இரண்டு ரூபாய் 36, ஒரு ரூபாய் 49. ஐம்பது பைசா 2. அப்புறம் பன்னிரண்டு மூலையோடு இரண்டு 20 ரூபாய் காசு.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினாள். 417.

அதே பக்கத்தின் மேலே இன்னொரு கணக்கு இருந்தது. காசு போடும்போதெல்லாம் எவ்வளவு போட்டாள் என்று குறித்துக் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள். கடைசியாக எழுதியது 378.

39 ரூபாய் அதிகம். குறைந்திருந்தால் எங்கேயாவது உருண்டு போயிருக்கும் எனலாம். அதிகமானால் என்ன சொல்வது?

மறுபடியும் எண்ணினாள். ஒரு ரூபாய் அடுக்கில் இரண்டு காசு விளிம்பு கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. உருவி எடுத்துப் பார்த்தாள். கை போட்ட பழைய காசு. ஒரு ரூபாயில் கட்டைவிரல் மட்டும் நிற்கும், இரண்டு ரூபாயில் இரண்டு விரல் நீளும். மண் அப்பியிருந்ததால் கை இருப்பதை மட்டும் பார்த்திருக்கிறாள், விரலைப் பார்க்கவில்லை. நகத்தால் சுரண்டினாள். இரண்டிலும் இரண்டு விரல்.

சரி, ஒரு ரூபாய் 47. இரண்டு ரூபாய் 38, அதாவது 76. அடித்துவிட்டு மறுபடி கூட்டினாள்.

47, 76, 165, 90, 40, 1. மொத்தம் 419.

அதில் 378 போனால் 41.

யாழினி 41-ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். 40-ம் 1-ம். பாயில் தனியாகக் கிடந்த இரண்டு 20 ரூபாய் காசையும் ஐம்பது பைசாக்களையும் எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். இவற்றை அவள் போடவே இல்லை. 20 ரூபாய் காசு யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. வெளியே வெள்ளை, நடுவில் மஞ்சள், பத்து ரூபாய்க்குத் தலைகீழ். அப்படி ஒன்று கையில் வந்திருந்தால் மறந்திருப்பாளா? ஐம்பது பைசா இந்த வீட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. வெற்றிலைக் காம்பு வாசம் அடிக்கும் சுருக்குப்பையில்.

திண்ணைக்கு வந்தாள்.

“அப்பத்தா, என் உண்டியல்ல நீ காசு போட்டியா?”

“நான் எதுக்குப் போடப்போறேன்?”

யாழினி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அப்பத்தா முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். காலையில் சந்தையில் கீரை விற்றுவிட்டு வந்த கூடை இன்னும் கழுவாமல் பக்கத்திலேயே இருந்தது. வந்ததும் முதல் வேலையாகக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறவள் அவள்.

“பூன தட்டலைல்ல?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அப்பத்தா இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாடாவைத் தளர்த்தி, விரல்விட்டுத் துழாவினாள்.

“கை எட்டல தாயி. முக்காலி போட்டு ஏறுனேன். காச உள்ள விடுறதுக்குள்ள சட்டி சரிஞ்சிருச்சு. நீ வந்து அழுவியேன்னு...” மிச்சத்தைச் சொல்லாமல் பேத்தியின் கையில் எதையோ வைத்து மூடினாள். “இதப் போடத்தான் ஏறுனேன்.”

பன்னிரண்டு மூலை காசு. கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

யாழினி உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து அப்பத்தாவை ஒட்டி உட்கார்ந்தாள். 419-ஐ ஒரு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் ‘அப்பத்தா 61’ என்று எழுதினாள். கீழே 439 என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“எம்புட்டு வந்துச்சு?” என்றாள் அப்பத்தா, நோட்டை எட்டிப் பார்த்து.