அத்தை படத்துக்குப் போட்ட அப்ஸ்கேல் பிராம்ப்ட்கள், அப்படியே

படம் இதுதான்: கல்யாண மண்டபத்தில் யாரோ போனில் எடுத்து, வாட்ஸ்அப்பில் நாலு குரூப் சுற்றி வந்தது. 1200×1600 பிக்சல். 12×16 அங்குலத்தில் பிரேம் போட வேண்டும்; 300 டிபிஐ என்றால் 3600×4800, சரியாக மூன்று மடங்கு. முகத்தைப் பற்றிய வரிகளை மட்டும் உங்கள் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் பிராம்ப்ட், முழுப் படத்துக்கும்

> இணைத்திருக்கும் படத்தையே நீள அகலத்தில் மூன்று மடங்கு பெரிதாக்கு. புதிதாக எதையும் வரைய வேண்டாம். ஓரம் வெட்டாதே, ஓரத்தில் எதையும் சேர்க்காதே, தலை சாய்ந்திருக்கும் கோணமும் தோளின் இடமும் கையில் இருக்கும் வெற்றிலைத் தட்டும் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
>
> முகம் மாறக் கூடாது. வயது அறுபதுக்கு மேல், அப்படியே தெரியட்டும்: நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே உள்ள பை, வலது கன்னத்து மச்சம், இடது புருவத்தில் முடி இல்லாத சின்னத் தழும்பு எல்லாம் இருக்க வேண்டும். சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது, அதை நேராக்காதே. முன்பல் இடைவெளியை அடைக்காதே. தோட்டின் கனத்தில் காதுத் துளை நீண்டிருக்கிறது, அதுவும் அவர் அடையாளம்தான். தோல் நிறத்தை வெளுக்காதே.
>
> ஜேபெக் சுருக்கத்தால் வந்த கட்டம் கட்டமான திட்டுகளையும், இருட்டுப் பகுதியில் மிதக்கும் சிவப்பு, பச்சைப் புள்ளிகளையும் எடுத்துவிடு. அப்புறம் கூர்மை கூட்டு, ஆனால் விளிம்பைச் சுற்றி வெள்ளைக் கோடு விழாத அளவுக்கு மட்டும். லேசான துகள்தன்மை இருக்கட்டும், தோல் மெழுகு பூசியது போல ஆக வேண்டாம். மூலத்தில் தெரியாத விவரத்தை ஊகித்து நிரப்பாதே. மங்கலாக இருப்பது மங்கலாகவே இருந்தாலும் பரவாயில்லை.

அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். "8கே, சூப்பர் ஷார்ப், புரொபஷனல் போர்ட்ரெய்ட்" என்று சேர்க்க ஆசை வரும். சேர்த்தால் அத்தைக்குப் பதிலாக அத்தை சாயலில் ஒரு விளம்பர மாடல் வந்து நிற்பார்.

கண்ணுக்கும் நகைக்கும்

> இரண்டு படம் இணைத்திருக்கிறேன். முதலாவது மூலம், இரண்டாவது பெரிதாக்கியது. இரண்டாவதில் மட்டும் வேலை செய், சந்தேகம் வந்தால் முதலாவதைப் பார். கண் இமை ஓரம், கருவிழி ஓரம், மூக்குக்கண்ணாடி பிரேம், இவை மட்டும் தெளிவாகட்டும். கண்ணின் அளவு, இமை தொங்கும் அளவு, பார்வை போகும் திசை மாறக் கூடாது. கண்ணாடியில் விழுந்திருக்கும் டியூப்லைட் வெளிச்சத்தை அழிக்காதே, அதன் பின்னால் கண்ணை ஊகித்து வரையாதே.
>
> மூக்கின் இரு பக்கமும் இருப்பது பேசரியும் மூக்குத்தியும், வேறு வேறு. இரண்டையும் ஒரே மாதிரி ஆக்காதே, வளையமாக மாற்றாதே. கல் எத்தனை என்று தெரியாத இடத்தில் கல் பதிக்க வேண்டாம், மினுக்கம் போதும்.

புடவைக்கு

> பட்டுப் புடவையின் நெசவு இழையும் கரையின் ஜரிகையும் மட்டும் கூர்மையாகட்டும். கரையில் இருக்கும் கோபுர வரிசை மடிப்புக்கு மடிப்பு வளைந்து போகிறது, அந்த வளைவோடு போ. புது டிசைன் வேண்டாம். கழுத்துக்கு மேலே தொடாதே.

முகம் மாறி வந்தால்

> இது அவர் முகம் இல்லை. தாடை ஒடுங்கிவிட்டது, மேலுதடு தடித்துவிட்டது. இந்த வெளியீட்டின் மேல் திருத்தாமல் மூலப் படத்திலிருந்து மறுபடி தொடங்கு. முகத்தில் ஜேபெக் சுருக்கத்தால் வந்த திட்டுகளை மட்டும் நீக்கு, கூர்மை கூட்ட வேண்டாம். முடி, புடவை, பின்னணிக்கு முன்பு சொன்னபடியே செய்.

மாறிவிட்ட முகத்தின் மேலேயே திருத்தச் சொன்னால் ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் விலகித்தான் போகும், அதனால்தான் மூலத்துக்குத் திரும்பச் சொல்வது. சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஓட்டுகிறவர்களுக்கு வார்த்தையைவிட எண்தான் பேசும்:

```
Denoising strength: 0.2
ControlNet: tile
```

0.2 என்பது தொடங்கும் இடம். 0.4 தாண்டினால் மச்சம் இடம் மாறுவதைப் பார்க்கலாம்.

பிரிண்டுக்கு அனுப்பும் முன்

> அளவு 3600×4800, விகிதம் 3:4. நிறம், வெளிச்சம், கான்ட்ராஸ்ட் மூலத்தில் இருந்தபடியே. பின்னணியை மங்கலாக்காதே. எழுத்து, வாட்டர்மார்க், பார்டர் எதுவும் வேண்டாம்.