பொருள்: செம்மண்டலம் தளம், கிழக்குப் பக்கச் சாரம் – வேலை நிறுத்தம், சரிசெய்ய வேண்டியவை, கெடு தேதிகள்

தேதி: 14.10.2024, திங்கள், மதியம் 1.15
பெறுநர்: திரு. ராஜேந்திரன், வெளிப்பூச்சு மற்றும் சார ஒப்பந்ததாரர்
நகல்: திட்ட மேலாளர், தளப் பொறியாளர், குழாய் வேலை ஒப்பந்ததாரர்

அன்புள்ள ராஜேந்திரன் சார்,

வணக்கம். காலையில் போனில் பேசியதை எழுத்தில் அனுப்புகிறேன். கட்டடத்தின் கிழக்குப் பக்கச் சாரத்தில் இன்று காலை 10.50 முதல் வேலையை நிறுத்தியிருக்கிறேன். சிவப்பு அட்டை மாட்டியாகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்டுப் பச்சை அட்டை மாட்டும் வரை அதில் யாரும் ஏறக் கூடாது. கருவி எடுக்க என்றாலும், வலையைச் சரிசெய்ய என்றாலும் கூடாது.

10.40 மணிக்கு நான்காம் மாடி மட்டத்திலிருந்து அரைச் செங்கல் ஒன்று விழுந்தது. பக்கத்துச் சந்தில், நம் தகர வேலிக்கு ஓரடி வெளியே. யாருக்கும் அடியில்லை. அந்தச் சந்தில்தான் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். செங்கல் ஏன் விழுந்தது என்று பார்க்கப் போனபோதுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. உண்மையைச் சொன்னால், செங்கல் சின்ன விஷயம்.

பெரிய விஷயம் டை. சாரம் 17 மீட்டர் உயரம், 24 மீட்டர் நீளம், அகலம் 1.2 மீட்டர். ஒப்புதல் ஆன வரைபடத்தின்படி உயரத்தில் 4 மீட்டருக்கு ஒரு வரிசை, நீளவாக்கில் 6 மீட்டருக்கு ஒன்று என்று மொத்தம் 20 இடங்களில் சாரம் கட்டடத்தோடு பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். இன்று எண்ணியதில் 7 தான் இருந்தன: முதல் வரிசையில் ஐந்து, இரண்டாம் வரிசையில் இரண்டு. 8 மீட்டருக்கு மேலே ஒன்றுகூட இல்லை. மேஸ்திரியைக் கேட்டேன். "பூச்சு வேலைக்கு இடைஞ்சலா இருந்துச்சு சார், பூசி முடிச்சதும் போட்டுடலாம்னு கழட்டினோம்" என்றார். மறைக்காமல் சொன்னார், அதற்காக அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்றைக் கழற்றினால் பக்கத்திலேயே மாற்று டை போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தராத விஷயமாக இருக்கிறது. அது உங்கள் பொறுப்பு.

பிடிப்பில்லாமல் தானாக நிற்கும் சாரத்துக்கு நாம் வைத்திருக்கும் அளவு, அடி அகலத்தைப் போல் நான்கு மடங்கு. 1.2 மீட்டர் அகலத்துக்கு அது 4.8 மீட்டர். நம் சாரத்தில் பாதிக்கு மேல், கடைசி 9 மீட்டர் முழுக்க, பிடிப்பில்லாமல் காற்றில் நிற்கிறது. போதாததற்குப் பச்சை வலையை அடி முதல் நுனி வரை இறுக்கிக் கட்டியிருக்கிறீர்கள். வலை தூசிக்கு நல்லது. டை இல்லாத சாரத்துக்கு அது பாய்மரத்தில் கட்டிய பாய். மதியத்துக்கு மேல் கடல் காற்று எழும்போது மேல் தட்டு ஆடுவது கீழே நின்று பார்த்தாலே தெரிகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரம் இது, கனமழை எச்சரிக்கையும் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் என்ன செய்தது என்பதைக் கடலூர்க்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல் வர வேண்டும் என்றுகூட இல்லை, பலமான ஒரு காற்று போதும்.

அடுத்து அடித்தளம். தென்கிழக்கு மூலையில் ஆறு நிற்குழாய்கள், மண் போட்டு நிரப்பிய இடத்தில் நிற்கின்றன. இரண்டுக்குப் பேஸ் பிளேட் இல்லை, செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, மழைநீர்க் குழாய்க்காக முக்கால் மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருக்கிறது. இந்தப் பள்ளம் உங்கள் தவறு இல்லை. குழாய் வேலைக்காரர்கள் யாரிடமும் கேட்காமல் சனிக்கிழமைக்கு முன்பே வெட்டிவிட்டார்கள், எங்கள் தரப்பிலும் யாரும் கவனிக்கவில்லை. அதை மூடிக் கெட்டிப்படுத்துவது எங்கள் வேலை, நாளைக்குள் முடித்துத் தருகிறோம். ஆனால் செங்கல் முட்டு உங்களுடையது.

உச்சியில் குழாய் போதவில்லை என்று சவுக்குக் கம்புகளைச் சணல் கயிற்றால் இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் சவுக்கு மலிவு, ஒற்றை மாடி வீட்டுக்கு அந்தச் சாரமே போதும் என்பதும் தெரியும். ஆனால் வழவழப்பான இரும்பில் கட்டிய கயிறு நனைந்து காய்ந்தால் தளரும். 17 மீட்டரில் அது வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாம், நான்காம் தட்டுகளில் நான்கு பலகை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான், அவையும் கட்டப்படவில்லை. ஒரு பலகையின் முனை அரை மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, தெரியாமல் அங்கே கால் வைத்தால் பலகை தூக்கிவிடும். ஓரப் பலகை எங்குமே இல்லை, செங்கல் விழுந்த காரணம் அதுதான். கைப்பிடிக் குழாய் ஒன்று மட்டும் ஓடுகிறது, நடுக் குழாய் இல்லை. சுமை தாங்க வேண்டிய எட்டு மூட்டுகளில் சுழலும் கிளாம்ப் போட்டிருக்கிறீர்கள், அங்கே செங்கோணக் கிளாம்ப்தான் வர வேண்டும். பதினொரு கிளாம்ப்களில் மரை துருப்பிடித்துத் தேய்ந்திருக்கிறது. உப்புக் காற்றுள்ள ஊரில் இது நடக்கும், அதனால்தான் மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்கிறோம்.

பெல்ட் எல்லோரும் போட்டிருந்தார்கள், சரி. ஆனால் கொக்கியை அதே ஆடும் சாரத்தின் கைப்பிடிக் குழாயில் மாட்டியிருந்தார்கள். சாரம் சாய்ந்தால் பெல்ட்டும் ஆளும் அதனுடனே போவார்கள்.

இன்னொன்று, பச்சை அட்டை. கிழக்குப் பக்க ஏணியில் தொங்கிய அட்டையில் கடைசிக் கையெழுத்து செப்டம்பர் 26. ஏழு நாளைக்கு ஒருமுறையும், மழைக்கும் பலத்த காற்றுக்கும் பிறகும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆயுத பூஜைக்கு எல்லா நிற்குழாய்க்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள், பார்க்க சந்தோஷமாகத்தான் இருந்தது. பொட்டு வைக்க ஒவ்வொரு குழாயிடமும் போன கை, அப்படியே கிளாம்ப்பையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்திருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் இந்தச் சாரத்தைச் சரிசெய்யப் போகிறவர்தான் முதலில் விழக்கூடியவர்.

இன்று மாலை 5 மணிக்குள்: வலையை அகற்ற வேண்டும். சாரத்தில் ஏறி அல்ல. ஒவ்வொரு மாடியிலும் ஜன்னல் திறப்புக்கு உள்ளே நின்று, பெல்ட்டைத் தூணில் கட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகக் கயிறுகளை அறுத்து இறக்குங்கள். கைக்கு எட்டாத இடத்தை அப்படியே விடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். சந்துப் பக்கம் 5 மீட்டருக்குத் தடுப்பு போட்டு ஓர் ஆளை நிறுத்துங்கள். பள்ளி விடும் நேரத்தில் நம் காவலாளி ஒருவரும் உடன் இருப்பார்.

நாளை, 15ஆம் தேதி, காலை 11 மணிக்குள்: இந்த மின்னஞ்சலுக்குப் பதில். சாரத்துக்குப் பொறுப்பான, பயிற்சி பெற்ற ஒருவரின் பெயரும் சான்றிதழ் நகலும் அதில் வேண்டும். பூச்சு மேஸ்திரியின் பெயரையே எழுதி அனுப்பாதீர்கள்.

நாளை மாலை 6 மணிக்குள்: விடுபட்ட 13 டைகளும். இவற்றையும் கட்டடத்துக்கு உள்ளிருந்து, இந்த முறை கீழிருந்து மேலாகப் போட வேண்டும். தூணைச் சுற்றிப் பெட்டி போலப் பிடியுங்கள், அல்லது கான்கிரீட்டில் ஆங்கர் போடுங்கள். செங்கல் சுவரிலும் புதுப் பூச்சிலும் கைப்பிடிச் சுவரிலும் ஆங்கர் வேண்டாம். மழை பெய்தால் அந்த நேரம் நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள், கெடுவை நானே தள்ளி வைக்கிறேன்.

புதன், 16ஆம் தேதி, மாலை 5 மணிக்குள்: ஆறு நிற்குழாய்களுக்கும் பேஸ் பிளேட், அதன் கீழே இரண்டு குழாய்களையாவது சேர்த்துத் தாங்கும் நீளத்தில் மரப்பலகை. பள்ளம் மூடிய மண்ணைத் தளப் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே இதைத் தொடங்குங்கள்.

வியாழன் மதியத்துக்குள் சவுக்குக் கம்புகள் இறங்க வேண்டும், கிளாம்ப்கள் மாற வேண்டும். வெள்ளி, 18ஆம் தேதி, மாலை 5 மணிக்குள் முழுப் பலகை, 1 மீட்டரில் கைப்பிடி, அரை மீட்டரில் நடுக் குழாய், 15 சென்டிமீட்டர் ஓரப் பலகை, தட்டுக்கு மேல் 1 மீட்டர் நீளும்படி ஏணி, பெல்ட் மாட்டக் கட்டடத்திலிருந்து தனிக் கயிறு. சனிக்கிழமை காலை 10 மணிக்கு நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். நீங்களே வர வேண்டும் சார், ஆள் அனுப்ப வேண்டாம்.

வடக்குப் பக்கத்தில் ஓரப் பலகை மட்டும்தான் குறை. அதைப் போட்டுப் படம் அனுப்பினால் அன்றே திறந்துவிடுகிறேன். மேற்குப் பக்கத்தில் வேலை நடக்கலாம். அந்தச் சாரத்தை யார் கட்டினார்களோ அந்தக் குழுவையே கிழக்குக்கும் அனுப்புங்கள், மேற்கில் டை ஒன்றுகூடக் குறையவில்லை.

தீபாவளி 31ஆம் தேதி. அதற்குள் வெளிப்பூச்சு பில் போட்டு ஆட்களுக்குப் போனஸ் தர வேண்டும் என்பது உங்கள் கணக்கு. ஐந்து நாள் போனால் நெருக்கடிதான், புரிகிறது. திட்ட மேலாளரிடம் பேசிவிட்டேன்: தரைத்தளத்திலும் முதல் மாடியிலும் உள்பூச்சு தயாராக இருக்கிறது, கிழக்குப் பக்கத்து 14 பேரையும் நாளையே அங்கே மாற்றலாம். யாருக்கும் கூலி வெட்டாதீர்கள். சாரம் சரிசெய்யும் செலவு ஒப்பந்தப்படி உங்களுடையது, பள்ளத்தால் வரும் கூடுதல் வேலைக்கு மட்டும் தனி பில் கொடுங்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த ஐந்து பேருக்குத் தமிழ் அட்டை படிக்க வராது. சிவப்பு அட்டை என்றால் என்ன, டையை ஏன் தொடக் கூடாது என்பதை நாளை காலை 8.30 கூட்டத்தில் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். நானும் இருப்பேன்.

முறைப்படி எழுத வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். இது 1996ஆம் ஆண்டு கட்டடத் தொழிலாளர் சட்டம், 2006ஆம் ஆண்டு தமிழ்நாடு விதிகள், ஐ.எஸ். 3696 ஆகியவற்றின் கீழ் உங்கள் கடமைகளைச் சுட்டும் எழுத்துப்பூர்வ அறிவிப்பு. கெடுவுக்குள் முடியாவிட்டால் ஒப்பந்தப்படி இந்தச் சாரத்தை வேறு ஒருவரை வைத்துக் கழற்றி, செலவை உங்கள் பில்லில் பிடிக்கப் பரிந்துரைப்பேன். சிவப்பு அட்டையை மீறி யாராவது ஏறினால் உங்கள் எல்லா வேலைக்கும் அனுமதியை நிறுத்துவேன்.

படங்கள் 16 இணைத்திருக்கிறேன். 4, 5, 9 ஆகிய மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள், டை கழற்றிய ஓட்டைகளின் மேல் பூசி மூடியிருப்பது தெரியும். இன்று மாலை வலை இறக்கும்போது நான் தளத்தில்தான் இருப்பேன், வர முடிந்தால் வாருங்கள்.

இப்படிக்கு,
கு. செந்தில்வேலன்
பாதுகாப்பு அலுவலர், செம்மண்டலம் தளம், கடலூர்